நுரையீரல் வால்யூமும் கபாசிட்டியும்: முதலாண்டு வைவாவில் கேட்கப்படும் கேள்விகள், சொல்ல வேண்டிய விடைகள்

முதலாண்டு உடலியங்கியல் செய்முறைத் தேர்வில், மேசை மேல் இருந்த ஸ்பைரோமீட்டரைக் காட்டி, வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் என்னிடம், “இந்தக் கருவியால் எதை அளக்க முடியாது?” என்று கேட்டார். ரெசிடுவல் வால்யூம் என்றேன். “வேறு?” என்றார். நான் விழித்தேன். “அப்படியானால் ஃபங்ஷனல் ரெசிடுவல் கபாசிட்டியை இதிலேயே அளந்துவிடலாம், இல்லையா?” என்று அவர் மெதுவாகக் கேட்க, நானும் தலையாட்டிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் கேட்ட எதற்கும் என்னிடம் ஒழுங்கான விடை வரவில்லை. எட்டு எண்களையும் மனப்பாடமாக வைத்திருந்தேன். ஒன்று ஏன் இன்னொன்றைச் சார்ந்திருக்கிறது என்பதை மட்டும் யோசித்ததே இல்லை.

நான் சறுக்கிய இடத்தில் நீங்களும் சறுக்க வேண்டாம் என்பதற்காக, கேள்விகள் பொதுவாக எந்த வரிசையில் வருகின்றனவோ அதே வரிசையில் இதை எழுதுகிறேன். தேர்வில் நீங்கள் பேசப்போவது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் என்றாலும், காரணம் புரிந்திருந்தால் எந்த மொழியில் கேட்டாலும் வாய் தடுமாறாது.

1. உள்ளே போகும் முன்: ரெக்கார்டைச் சரிபாருங்கள்

துறையின் கையெழுத்து விழுந்த ரெக்கார்டு நோட்டு இல்லாமல் செய்முறைத் தேர்வுக்குள் நுழைவது கடினம். கடைசி வாரத்தில் கையெழுத்துக்காக வரிசையில் நிற்காமல், ஒவ்வொரு செய்முறை முடிந்ததும் அந்த வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். செலவு என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கூரான பென்சில், அளவுகோல், அழிப்பான் போதும்.

கையெழுத்தைவிட முக்கியமானது ரெக்கார்டுக்குள் நீங்கள் எழுதியிருப்பது. தேர்வாளர் அதைப் புரட்டிப் பார்த்துத்தான் பல கேள்விகளைத் தொடங்குவார். என் ரெக்கார்டில் வைட்டல் கபாசிட்டிக்கு மூன்று அளவீடுகளின் சராசரியை எழுதியிருந்தேன். அது தவறு. வைட்டல் கபாசிட்டி என்பது ஒருவரால் முடிந்த உச்ச அளவு. ஆகவே மூன்றில் பெரியதைத்தான் எடுக்க வேண்டும். முயற்சி குறைந்த ஊதல்களையும் சேர்த்துச் சராசரி எடுத்தால், அது அந்த நபரின் நுரையீரலைப் பற்றி எதுவும் சொல்லாது. உங்கள் நோட்டிலும் சராசரி இருந்தால் இன்றே திருத்திக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

2. பேசும் முன் படத்தை வரையுங்கள்

தாள் கிடைத்தால் உடனே ஸ்பைரோகிராமை வரையத் தொடங்குங்கள். சிறிய அலைகள் மூன்று, பிறகு மேலே உயரும் ஒரு பெரிய மூச்சு, அதிலிருந்து அடிவரை இறங்கும் ஒரு முழு வெளிமூச்சு, பிறகு மீண்டும் சிறிய அலைகள். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது. அந்த அடிக்கும் கீழே, கோடு தொடாத ஒரு பட்டையை விட்டு வையுங்கள். அதுதான் ரெசிடுவல் வால்யூம். பலர் அந்தப் பட்டையை விடாமல் கோட்டைச் சுழியத்தோடு ஒட்டிவிடுவார்கள். முதல் மதிப்பெண் அங்கேயே போய்விடும்.

கேள்வி: வால்யூமுக்கும் கபாசிட்டிக்கும் என்ன வேறுபாடு?

விடை: வால்யூம்கள் நான்கும் ஒன்றன்மேல் ஒன்று படியாத தனித்தனிப் பகுதிகள். கபாசிட்டி என்பது இரண்டோ அதற்கு மேற்பட்டவையோ ஆன வால்யூம்களின் கூட்டுத்தொகை.

கேள்வி: அளவுகளைச் சொல்லுங்கள்.

விடை: இளவயது ஆண் ஒருவருக்குத் தோராயமாக, டைடல் வால்யூம் 500 மி.லி., இன்ஸ்பிரேட்டரி ரிசர்வ் வால்யூம் 3000 மி.லி., எக்ஸ்பிரேட்டரி ரிசர்வ் வால்யூம் 1100 மி.லி., ரெசிடுவல் வால்யூம் 1200 மி.லி. நான்கையும் கூட்டினால் மொத்த நுரையீரல் கபாசிட்டி 5800 மி.லி.

பாடநூலுக்குப் பாடநூல் இந்த எண்கள் சற்று மாறும். எதை வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் ஒரே நூலின் எண்களைச் சொல்லுங்கள். ஒன்றிலிருந்து இரண்டும் இன்னொன்றிலிருந்து இரண்டும் எடுத்தால் கூட்டுத்தொகை இடிக்கும். தேர்வாளர் மனதுக்குள் கூட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். இந்த நான்கை மட்டும் நினைவில் வைத்தால், மற்ற நான்கையும் படத்தைப் பார்த்தே கூட்டிச் சொல்லிவிடலாம்: வைட்டல் கபாசிட்டி 4600, இன்ஸ்பிரேட்டரி கபாசிட்டி 3500, ஃபங்ஷனல் ரெசிடுவல் கபாசிட்டி, அதாவது எஃப்.ஆர்.சி., 2300.

3. கருவியில் செய்து காட்டுதல்

பெரும்பாலான கல்லூரிகளில் இருப்பது நீர் நிரப்பிய எளிய ஸ்பைரோமீட்டர். நீரில் கவிழ்ந்து மிதக்கும் ஓர் உலோக மணி, அதற்கு எதிர் எடை, ஓர் அளவுமுள். ஊதினால் மணி உயரும். அதிலிருந்து காற்றை உள்ளிழுக்கக் கூடாது. ஊத மட்டுமே வேண்டும்.

சோதிக்கப்படுபவரை அளவுமுள் தெரியாதபடி நிற்க வையுங்கள். பார்த்தால் எண்ணைத் துரத்துவார். வாய்க்குழாயை ஸ்பிரிட்டால் துடைத்து, மூக்குக் கிளிப்பை மாட்டி, முடிந்த அளவு மூச்சை இழுக்கச் சொல்லி, உதடுகளை இறுக்கி, அவசரமில்லாமல் கடைசிவரை ஊதச் சொல்லுங்கள். அடுத்த முறைக்கு முன் மணியைச் சுழியத்துக்கு இறக்க மறக்க வேண்டாம். மூன்று முறைக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் போதும்.

கேள்வி: இந்தக் கருவியில் இன்ஸ்பிரேட்டரி ரிசர்வ் வால்யூமை எப்படி அளந்தீர்கள்?

இது பொறி. உள்ளிழுக்க முடியாத கருவியில் அதை நேரடியாக அளக்க முடியாது. கணக்கிட வேண்டும்.

விடை: சாதாரண மூச்சு உள்ளே போன பிறகு சாதாரணமாக ஊதினால் டைடல் வால்யூம். சாதாரண வெளிமூச்சு முடிந்த பிறகு மீதியை முழுக்க ஊதினால் எக்ஸ்பிரேட்டரி ரிசர்வ் வால்யூம். வைட்டல் கபாசிட்டியிலிருந்து இவ்விரண்டையும் கழித்தால் கிடைப்பது இன்ஸ்பிரேட்டரி ரிசர்வ் வால்யூம். என் செய்முறைக் குழுத் தோழி ஒருத்திக்கு வைட்டல் கபாசிட்டி 3200, டைடல் வால்யூம் 450, எக்ஸ்பிரேட்டரி ரிசர்வ் வால்யூம் 800 மி.லி. வந்தது. ஆகவே அவளுடைய இன்ஸ்பிரேட்டரி ரிசர்வ் வால்யூம் 1950 மி.லி.

கேள்வி: அந்த 3200 மி.லி. உண்மையில் அவளுடைய நுரையீரலிலிருந்து வந்த அளவுதானா?

விடை: இல்லை, கருவி சற்றுக் குறைத்தே காட்டுகிறது. நுரையீரலுக்குள் காற்று 37 டிகிரி வெப்பத்தில் நீராவி நிறைந்திருக்கிறது. கருவிக்குள் வந்ததும் அறை வெப்பநிலைக்குக் குளிர்ந்து சுருங்குகிறது. நீராவியில் ஒரு பங்கு நீராகப் படிந்துவிடுகிறது. அறை 30 டிகிரியாக இருந்தால் 1.045 ஆல் பெருக்க வேண்டும். 3200 மி.லி., ஏறத்தாழ 3340 மி.லி. ஆகிறது. அறை 20 டிகிரியாக இருந்தால் பெருக்க வேண்டிய எண் 1.102. அறை குளிரக் குளிர, பிழை பெரிதாகும். குளிரூட்டிய அறையில் தேர்வு நடந்தால், சுவரில் இருக்கும் வெப்பமானியை ஒரு முறை பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

4. எஃப்.ஆர்.சி.: வைவா திரும்பும் இடம்

இங்கேதான் நான் விழுந்தேன். இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

கேள்வி: ஸ்பைரோமீட்டரால் அளக்க முடியாதவை எவை?

விடை: ரெசிடுவல் வால்யூம், அது உள்ளே அடங்கியிருக்கும் எஃப்.ஆர்.சி., மொத்த நுரையீரல் கபாசிட்டி ஆகிய மூன்றும். ஸ்பைரோமீட்டர் வாய் வழியாக வந்துபோகும் காற்றை மட்டுமே அளக்கும். வெளியே வராத காற்றை அது அறியாது. வைட்டல் கபாசிட்டியிலும் இன்ஸ்பிரேட்டரி கபாசிட்டியிலும் ரெசிடுவல் வால்யூம் இல்லை. எனவே அவற்றை அளக்கலாம்.

கேள்வி: எஃப்.ஆர்.சி. என்றால் என்ன? மூச்சு ஏன் சரியாக அந்த இடத்தில் நிற்கிறது?

விடை: சாதாரண வெளிமூச்சின் முடிவில் நுரையீரலில் மிஞ்சியிருக்கும் காற்றே எஃப்.ஆர்.சி.; எக்ஸ்பிரேட்டரி ரிசர்வ் வால்யூமும் ரெசிடுவல் வால்யூமும் சேர்ந்தது. நுரையீரலின் மீள்திறன் அதை உள்நோக்கிச் சுருக்கப் பார்க்கிறது; மார்புக்கூட்டின் மீள்திறன் வெளிநோக்கி விரியப் பார்க்கிறது. மூச்சுத் தசைகள் எல்லாம் தளர்ந்த நிலையில் இவ்விரு இழுவிசைகளும் சமமாகும் புள்ளிதான் எஃப்.ஆர்.சி. அப்போது காற்றறைகளுக்குள் அழுத்தம் வெளிக்காற்றுக்குச் சமம்; ப்ளூராவுக்கு இடையே ஏறத்தாழ 5 செ.மீ. நீர் அளவுக்கு எதிர்மறை அழுத்தம்.

“சாதாரண மூச்சுக்குப் பிறகு மிஞ்சுவது” என்ற வரையறையோடு நிறுத்திவிடாதீர்கள். “இரு எதிர்விசைகளின் சமநிலை” என்று நீங்களே சொல்லிவிட்டால், பின்வரும் பாதிக் கேள்விகளுக்கு அந்த ஒரே வரியிலிருந்து விடை எடுக்கலாம்.

கேள்வி: மார்புக்கூடு வெளிநோக்கி இழுக்கிறது என்பதற்கு என்ன சான்று?

விடை: ப்ளூரா இடைவெளிக்குள் காற்று புகுந்துவிட்டால் இரண்டுக்கும் இடையே இருந்த பிணைப்பு அறுந்துபோகிறது. நுரையீரல் சுருங்குகிறது, அந்தப் பக்கத்து மார்புச் சுவரோ வெளியே விரிகிறது.

கேள்வி: படுத்தால் எஃப்.ஆர்.சி. என்ன ஆகும்?

விடை: குறையும். நிற்கும்போது வயிற்று உறுப்புகளின் எடை உதரவிதானத்தைக் கீழே இழுத்து வைக்கிறது. படுத்தால் அதே உறுப்புகள் அதை மார்புக்குள் தள்ளுகின்றன. சமநிலைப் புள்ளி கீழே இறங்கிவிடுகிறது. நிறைமாதக் கர்ப்பிணிக்கும், வயிறு பருத்தவருக்கும் காரணம் இதேதான். கர்ப்பத்தில் எஃப்.ஆர்.சி. குறைந்தாலும் வைட்டல் கபாசிட்டி ஏறக்குறைய மாறுவதில்லை. கருப்பை மேலே தள்ளுகிறதே, வைட்டல் கபாசிட்டியும் குறையத்தானே வேண்டும் என்று தேர்வாளர் தூண்டில் போடுவார், கடித்துவிடாதீர்கள். உதரவிதானம் உயர்ந்தாலும் அதன் அசைவு குறைவதில்லை, விலாக்கூடும் அகலமாகியிருக்கும்.

கேள்வி: எஃப்.ஆர்.சி.யால் என்ன பயன்?

விடை: ஒரு மூச்சில் உள்ளே வரும் 500 மி.லி.யில் 150 மி.லி. மூச்சுக்குழாய்களிலேயே நின்றுவிடுகிறது. மீதி 350 மி.லி. புதுக்காற்று, ஏற்கெனவே இருக்கும் 2300 மி.லி.யோடு கலக்கிறது, ஒரு மூச்சுக்கு ஏழில் ஒரு பங்குதான் மாறுகிறது. அதனால்தான் இரத்தத்தில் ஆக்சிஜன் மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்காமல் சீராக இருக்கிறது.

இதற்கு மேல் கேட்டால் மயக்க மருந்து அறையை எடுத்துக்காட்டாகச் சொல்லுங்கள். சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போது காற்றறைகளில் ஆக்சிஜன் ஏறத்தாழ 14 சதவீதம். 2300 மி.லி.யில் அது 320 மி.லி. சுற்றி வரும். உடல் நிமிடத்துக்கு 250 மி.லி. செலவழிக்கிறது. மூச்சு நின்றால் கையிருப்பு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல்தான். முன்கூட்டியே தூய ஆக்சிஜனைச் சுவாசிக்க வைத்து நைட்ரஜனை வெளியேற்றிவிட்டால் அதே இடத்தில் ஏறத்தாழ 2000 மி.லி. ஆக்சிஜன் சேர்ந்துவிடும், கணக்குப்படி எட்டு நிமிடம் கிடைக்கும். படுத்திருக்கும் பருமனான நோயாளிக்கு எஃப்.ஆர்.சி. ஏற்கெனவே சிறிது என்பதால் அந்த அவகாசம் சுருங்குகிறது. குழாய் செருகும்போது அவருக்கு ஆக்சிஜன் அளவு மளமளவென்று இறங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

5. ஹீலியம் கணக்கு

கேள்வி: அப்படியானால் எஃப்.ஆர்.சி.யை எப்படி அளப்பீர்கள்?

விடை: ஹீலியம் நீர்த்தல் முறை, நைட்ரஜன் வெளியேற்ற முறை, உடல் பிளெதிஸ்மோகிராஃப் என்று மூன்று வழிகள். ஹீலியம் முறையை விளக்குகிறேன்.

இப்படிச் சொல்லிவிட்டு நீங்களே தொடருங்கள். இல்லாவிட்டால் தேர்வாளர் உங்களுக்குத் தெரியாததைத் தேர்ந்தெடுப்பார்.

அளவு தெரிந்த ஒரு பாத்திரத்தில் உப்புநீர் இருக்கிறது. அதன் உப்புச் செறிவும் தெரியும். அளவு தெரியாத இன்னொரு பாத்திரத்தில் வெறும் தண்ணீர். இரண்டையும் கலந்து, புதிய செறிவைப் பார்த்தால் இரண்டாவது பாத்திரத்தின் அளவைக் கணக்கிட்டுவிடலாம். இங்கே உப்பு ஹீலியம். இரண்டாவது பாத்திரம் நுரையீரல். ஹீலியத்தைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், அது இரத்தத்தில் மிகமிகக் குறைவாகவே கரைவதுதான். உள்ளே போனது கணக்கில் அப்படியே நிற்கும். வெளிவரும் கார்பன் டை ஆக்சைடைச் சோடா லைம் உறிஞ்சிக்கொள்கிறது. செலவாகும் ஆக்சிஜன் அவ்வப்போது சேர்க்கப்படுவதால் மொத்த அளவு மாறாமல் இருக்கிறது.

```
FRC = V × (C1 − C2) / C2
```

V என்பது கருவியின் கொள்ளளவு, C1 தொடக்க ஹீலியம் செறிவு, C2 கலந்து முடிந்த பிறகான செறிவு. கருவி 5 லிட்டர், ஹீலியம் 10 சதவீதம், முடிவில் 6.8 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 3.2 ஐ 6.8 ஆல் வகுத்து 5 ஆல் பெருக்கினால் 2.35 லிட்டர். அவருக்கு எக்ஸ்பிரேட்டரி ரிசர்வ் வால்யூம் 1.1 லிட்டர் என்றால் ரெசிடுவல் வால்யூம் 1.25 லிட்டர். வைட்டல் கபாசிட்டி 4.6 ஐக் கூட்டினால் மொத்தம் 5.85 லிட்டர்.

கேள்வி: வால்வை எப்போது திறக்க வேண்டும்?

விடை: சாதாரண வெளிமூச்சு முடிந்த அந்தக் கணத்தில். அவர் 500 மி.லி. உள்ளிழுத்த பிறகு திறந்தால், ஹீலியம் பரவுவது எஃப்.ஆர்.சி.யில் அல்ல, அதைவிட 500 மி.லி. பெரிய இடத்தில், விடை 2.35 க்குப் பதில் 2.85 என்று வரும். முழு வெளிமூச்சின் முடிவில் திறந்தால் கிடைப்பது ரெசிடுவல் வால்யூம்.

கேள்வி: எங்காவது கசிவு இருந்தால் எப்படித் தெரியும்?

விடை: சாதாரண நுரையீரலில் சில நிமிடங்களில் ஹீலியம் அளவு இறங்கி ஒரே எண்ணில் நின்றுவிடும். நிற்காமல் இறங்கிக்கொண்டே போனால் வாய்க்குழாய், மூக்குக் கிளிப் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். செவிப்பறையில் ஓட்டை இருந்தாலும் கசியும். C2 பொய்யாகக் குறைவதால் எஃப்.ஆர்.சி. பொய்யாகக் கூடும்.

6. நோயை நுழைக்கும் கேள்விகள்

முதலாண்டு மாணவரிடம் இரண்டு நோய்களுக்கு மேல் கேட்பது அரிது: எம்ஃபிசிமா, நுரையீரல் ஃபைப்ரோசிஸ். இரண்டுக்கும் சமநிலை வரியிலிருந்தே தொடங்குங்கள். எம்ஃபிசிமாவில் நுரையீரலின் உள்நோக்கிய இழுப்பு தளர்ந்துவிடுகிறது. மார்புக்கூடு வென்று எஃப்.ஆர்.சி. கூடுகிறது. ஃபைப்ரோசிஸில் நுரையீரல் விறைத்துச் சுருங்குகிறது, எஃப்.ஆர்.சி. குறைகிறது.

கேள்வி: இருவருக்கும் வைட்டல் கபாசிட்டி 3 லிட்டர்தான். எப்படி வேறுபடுத்துவீர்கள்?

விடை: வைட்டல் கபாசிட்டியை மட்டும் வைத்து முடியாது. எம்ஃபிசிமா நோயாளிக்கு மொத்தக் கபாசிட்டி 7 லிட்டர், ரெசிடுவல் வால்யூம் 4 லிட்டர் இருக்கலாம். ஃபைப்ரோசிஸ் நோயாளிக்கு மொத்தம் 4, ரெசிடுவல் 1 இருக்கலாம். இரண்டிலும் கழித்தால் 3. முன்னவருக்குக் காற்று வெளியேற முடியாமல் உள்ளே தங்குகிறது. பின்னவருக்குக் காற்று போதுமான அளவு உள்ளே நுழையவே இல்லை. வேகமாக ஊதச் சொன்னால் முதல் ஒரு நொடியில் வெளிவரும் பங்கும் இதைக் காட்டும்: இயல்பானவருக்கு ஏறத்தாழ 80 சதவீதம், எம்ஃபிசிமாவில் அதைவிட மிகக் குறைவு, ஃபைப்ரோசிஸில் இயல்பு அல்லது சற்றுக் கூடுதல்.

கேள்வி: அந்த எம்ஃபிசிமா நோயாளிக்கு ஹீலியம் முறையில் ரெசிடுவல் வால்யூம் 3 லிட்டர்தான் வந்தது. பிளெதிஸ்மோகிராஃபில் 4 லிட்டர். எது சரி?

விடை: பிளெதிஸ்மோகிராஃப். மூச்சுக்குழாய் அடைபட்ட பகுதிகளுக்குள் சில நிமிடங்களில் ஹீலியம் போய்ச் சேராது. போகாத இடத்தை அந்த முறை எண்ணாது. பிளெதிஸ்மோகிராஃப் மார்புக்குள் இருக்கும் காற்று முழுவதும் அமுக்கப்படுவதை வைத்து, பாயிலின் விதிப்படி அளப்பதால், வாயோடு தொடர்பு இருக்கிறதா இல்லையா என்பது அதற்குப் பொருட்டில்லை. இரண்டுக்கும் இடையே உள்ள அந்த 1 லிட்டர், நோயாளியின் நுரையீரலில் அடைபட்டுக் கிடக்கும் காற்று.